வெள்ளிக் காட்டுக்காக மேலதிகமாகப் பறக்கலாமா? லண்டன் – யாழ்ப்பாணப் பயணக் கணக்கு

லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போய்வருகிறவர்கள், அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமான நிறுவனம் கொடுக்கும் ஸ்ரேற்றஸ் காட்டுக்காக, குறிப்பாகப் பிரிட்டிஷ் எயர்வேஸின் வெள்ளிக் காட்டுக்காகக் காசு செலவழிக்க முதல், அந்தக் காட் எந்த இடம் வரைக்கும் செல்லும் என்று பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து பலாலிக்கு வருவது இண்டிகோவின் சிறிய ஏ.டி.ஆர் விமானம். பிரிட்டிஷ் எயர்வேஸ் இருக்கும் வன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இண்டிகோ இல்லை. பிரிட்டிஷ் எயர்வேஸில் மேலதிகப் பொதியோடு சென்னைக்கு வந்தாலும், தனி ரிக்கெற்றில் பலாலிக்கு ஏறும்போது வெள்ளிக் காட்டுக்கு அங்கே பெறுமதி இல்லை. பொதியை வெளியே எடுக்க இந்திய விசா வேண்டும். திரும்பச் செக்-இன் செய்யும்போது, இண்டிகோ ரிக்கெற்றில் போட்டிருக்கும் கிலோவுக்கு மேல் உள்ளதற்கெல்லாம் காசு கட்ட வேண்டும்.

கட்டுநாயக்க வழியாக வந்தால் கதை வேறு. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாதம் முதல் வன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது. பிரிட்டிஷ் எயர்வேஸின் வெள்ளி நிலை அந்தக் கூட்டணியில் 'சஃபையர்' என்று கணிக்கப்படும். ஆகவே எகானமி ரிக்கெற்றிலும் ஹீத்ரோ மூன்றாம் முனையத்தில் பிஸ்னஸ் வரிசையில் செக்-இன் செய்யலாம், லவுஞ்சுக்குள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். மனைவியைக் கூட்டிப்போகலாம், இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து விடமாட்டார்கள். பொதியை எண்ணிக்கையில் அல்லாமல் கிலோவில் கணக்கிடும் ரிக்கெற் என்றால் 15 கிலோ மேலதிகம், அதுவும் காட் உள்ளவருக்கு மட்டும். கட்டுநாயக்கவில் பொதி வந்துவிட்டால் அதன்பிறகு யாழ்ப்பாணம் வரை தரைவழியாக வான் வண்டிதான். கிலோ கேட்க ஆளில்லை.

இனிக் கணக்கு. 2025 ஏப்ரலில் இருந்து பிரிட்டிஷ் எயர்வேஸ், காட்டின் நிலையை முடிவுசெய்யும் ரியர் பொயின்ற்றை, செலவழித்த பவுணுக்கு ஒன்று என்று மாற்றிவிட்டது. வெள்ளிக்கு 7,500 வேண்டும். ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். இதில் பலர் தவறுவது வரியில்தான். அரச வரியும் விமான நிலையக் கட்டணமும் பொயின்ற்ஸில் சேராது. 150 பவுண் ரிக்கெற்றில் 50 வரி என்றால் 100 பொயின்ற்தான் வரும். ஸ்ரீலங்கனில் பறந்தால் கணக்குத் தூரத்தை வைத்து; மலிவான எகானமி ரிக்கெற்றில் கிடைப்பது மிகச் சொற்பம். ஊருக்கு அடிக்கடி போவதால் மட்டும் வெள்ளி வந்துவிடாது. வேலைக்காக ஐரோப்பாவுக்குள் பறக்கிறவருக்குத்தான் இது எட்டும்.

அப்படி ஒருவருக்குப் பெப்ரவரியில் 6,900 பொயின்ற் இருக்கிறது, குறைவது 600 என்று வையுங்கள். வரியோடு சேர்த்து ஏறக்குறைய 800 பவுணுக்குத் தேவையில்லாமல் பறக்க வேண்டும். அடுத்த வருடம் இரண்டு தரம் ஊருக்குப் போவார், அதாவது நான்கு நீண்ட பறப்புகள். மேலதிகப் பொதிக்கு ஒரு தடவை 70 பவுண் என்று பிடித்தால் 280. லவுஞ்ச் இரண்டு பேருக்கு 80 பவுண் என்றாலும், காசு கொடுத்துப் போகாத இடத்துக்கு முழு விலை போடக்கூடாது. பாதியாக 40 போட்டால் நான்கு தரத்துக்கு 160. மொத்தம் 440. 800 கொடுத்து 440 வாங்குவது நட்டம். குறைவது 200 என்றால் செலவு 270 அளவில் நிற்கும், அப்போது பறக்கலாம். பொதி நிரப்பிக்கொண்டு போகாதவர் 280ஐயும் கழித்துவிட்டுப் பார்க்கட்டும்.

கிடைக்கும் வெள்ளி, அடுத்த கணக்கு ஆண்டு மார்ச்சில் முடிந்து வரும் ஏப்ரல் கடைசி வரைக்கும்தான். மார்ச்சில் எட்டியவருக்கு 13 மாதம். அதே வெள்ளியை வருடத்தின் தொடக்கத்திலேயே எட்டியவருக்கு இரண்டு வருடத்துக்குக் கிட்ட.

ஸ்ரேற்றஸ் மட்ச் என்பது ஒரு நிறுவனத்தின் காட்டைக் காட்டி இன்னொரு நிறுவனத்தின் காட்டைப் பெறுவது. ஒரே கூட்டணிக்குள் பெரும்பாலும் தரமாட்டார்கள். கூட்டணியில் சேராத எமிரேட்ஸின் தங்கக் காட் வைத்திருக்கிறவருக்கு (அதற்கு 50,000 ரியர் மைல் வேண்டும்) இது பொருந்தும். காட்டின் படமும், கடந்த 12 மாதப் பறப்புப் பட்டியலும் கேட்பார்கள். மட்ச்சால் கிடைத்த காட்டை வைத்து மறுபடி மட்ச் கேட்டால் பட்டியலில் பறப்பு இருக்காது, அங்கேயே மறுத்துவிடுவார்கள். பல இடங்களில் முதலில் சில மாதத் தற்காலிகக் காட்தான். ஒப்புதல் வந்த நாளிலிருந்தே நாள் எண்ணப்படும் என்பதால், ஓகஸ்ட் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர் ஜனவரியில் விண்ணப்பித்து வீணாக்கக்கூடாது. ரிக்கெற் எடுத்தபின், யூன் கடைசியில் போட்டால் போதும்.

எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் பெயர். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் ஒரு பக்கம், காட்டில் அது இன்னொரு பக்கம் என்றிருந்தால் பொயின்ற்ஸ் ஏறாது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ரிக்கெற்றில் எந்த உறுப்பினர் இலக்கம் இருக்கிறதோ, கவுண்டரில் அந்த நிலைதான் தெரியும். மைல் சேரட்டும் என்று ஸ்ரீலங்கனின் ஃபிளைஸ்மைல்ஸ் இலக்கத்தைப் போட்டவருக்கு, பிரிட்டிஷ் எயர்வேஸ் வெள்ளி இருந்தும் 15 கிலோ கணினியில் காட்டாது. போர்டிங் பாஸை வாங்கியவுடன் அதில் 'சஃபையர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பொதி பெல்ற்றில் ஏற முதல் இலக்கத்தை மாற்றச் சொல்லுங்கள்.