5-பார்ட் மெஷினா, லீஷ்மன் ஸ்லைடா? லெஃப்ட் ஷிஃப்ட் விஷயத்தில் என் கணக்கு

எங்கள் லேப் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு கலெக்‌ஷன் சென்டரும் உண்டு. பழைய 3-பார்ட் செல் கவுண்டர் படுத்துவிட்டபோது இரண்டு வழி தெரிந்தது. கூடுதல் பணம் போட்டு 5-பார்ட் வாங்குவது ஒன்று. மறுபடியும் 3-பார்ட்டே வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல 100எக்ஸ் லென்ஸ் உள்ள பைனாகுலர் மைக்ராஸ்கோப் வாங்கி, சந்தேகமான ரத்தத்தையெல்லாம் கண்ணால் எண்ணுவது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

5-பார்ட்டின் பெருமை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 3-பார்ட் வெள்ளணுக்களைப் பருமனை வைத்து மூன்று கும்பலாகப் பிரிக்கும்: லிம்ஃபோசைட், நடுத்தரம், கிரானுலோசைட். 5-பார்ட் ஈஸினோஃபில், மோனோசைட், பேசோஃபில் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தரும். ஆயிரக்கணக்கான செல்களை எண்ணுவதால், நூறு செல் எண்ணும் என்னைவிட அதன் சதவீதம் உறுதியானது. உங்கள் டாக்டர் கேட்பது ஈஸினோஃபில் எண்ணிக்கை மட்டும்தான் என்றால் பேச்சே இல்லை, 5-பார்ட் வாங்குங்கள். ரீஏஜென்ட் செலவு கூடும், அதுவும் அந்தக் கம்பெனியிடமே வாங்க வேண்டியிருக்கும். அது தெரிந்த கதை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. நியூட்ரோஃபில் எத்தனை என்று மெஷின் சொல்லும். அந்த நியூட்ரோஃபில் எப்படி இருக்கிறது என்று சொல்லாது. 5-பார்ட்டில் லெஃப்ட் ஷிஃப்ட், அதாவது முதிராத நியூட்ரோஃபில்கள் ரத்தத்தில் கூடியிருப்பது, இருக்கலாம் என்று ஒரு எச்சரிக்கைக் கொடி எழும்பும், அவ்வளவுதான். கொடி எழும்பினால் ரத்தத்தை ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து ஸ்மியர் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். கொடி எழும்பாமல் போகும் நாளும் உண்டு. டாக்ஸிக் கிரானுலேஷன், டோலே பாடி, வேக்குவோல் என்று கடும் தொற்றில் நியூட்ரோஃபிலில் தெரியும் மாற்றங்களை உறுதியாகச் சொல்ல ஸ்லைடுதான் வேண்டும். எப்படியும் ஸ்லைடு போடப் போகிறோம் என்றால், காசை ஸ்லைடின் தரத்தில் போடுவோம் என்று நினைத்தேன்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரர், சர்க்கரை உள்ளவர், இரண்டு நாளாகக் காய்ச்சல், கொஞ்சம் பிதற்றல். வெள்ளணுக்களின் டோட்டல் கவுண்ட் 9,200. மெஷின் கிரானுலோசைட் 72, லிம்ஃபோசைட் 20, நடுத்தரம் 8 என்றது. தாளை மட்டும் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ‘பிதற்றல்’ என்று சீட்டில் எழுதியிருந்ததால்தான் ஸ்மியர் போட்டேன். முதல் நூறில் முதிர்ந்த நியூட்ரோஃபிலான செக்மென்டட் 48, முதிராத பேண்ட் 22, அதைவிட இளைய மெட்டாமைலோசைட் 3, லிம்ஃபோசைட் 19, மோனோசைட் 8 வந்தன. ஈஸினோஃபில் ஒன்றுகூட இல்லை. எண்ணியது சரியா என்று என் உதவியாளரை, என் எண்ணைச் சொல்லாமல், இன்னொரு நூறு எண்ணச் சொன்னேன். அவளுக்குச் செக்மென்டட் 51, பேண்ட் 19, மெட்டாமைலோசைட் 2. இரண்டையும் சேர்த்தால் நியூட்ரோஃபில் வரிசையில் 145 செல், அதில் முதிராதவை 46. ஏறக்குறைய மூன்றில் ஒன்று. பேண்ட் மட்டும் இருநூறில் 41, அதாவது 20.5 சதவீதம். 9,200-இல் அது சுமார் 1,890. பேண்ட் 10 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது நாங்கள் பழகிய கோடு.

டாக்டருக்கு உடனே போன் போட்டேன். “டோட்டல் கவுண்ட் நார்மல்தானேங்க?” என்றார். நார்மல்தான், ஆனால் எலும்பு மஜ்ஜை கையிருப்பை அவசரமாக இறக்கிவிட்டிருக்கிறது, செல்களில் டாக்ஸிக் மாற்றமும் தெரிகிறது என்றேன். அவர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். சிறுநீரகத்தில் தொற்று என்று பிறகு தெரிந்தது. மறுநாள் அங்கே எடுத்த கவுண்ட் 17,400 ஆகியிருந்ததாம்.

இனி எண்ணும் வேலைக்கு வருவோம். அதில் அதிகம் தகராறு பேண்டில்தான். உட்கரு குதிரை லாடம் போல வளைந்து, அகலம் பெரிதாக மாறாமல் இருந்தால் பேண்ட். மடல்களுக்கு நடுவே நூல் மாதிரி இழை தெரிந்தால் செக்மென்டட். இடையில் நிற்பவைதான் தலைவலி. ஒடுங்கிய இடத்தின் அகலம், அகன்ற இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் பேண்ட் என்று எடுக்கிறேன். உட்கரு மடிந்து கிடந்து இழை தெரியவில்லை, முடிவு செய்ய முடியவில்லை என்றால் செக்மென்டட் பக்கமே போடுகிறேன். யாரோ ஒருத்தர் தினமும் தாராளமாகப் பேண்ட் போட்டால் ஊரில் பாதிப் பேருக்கு லெஃப்ட் ஷிஃப்ட் வந்துவிடும். ‘லெஃப்ட்’ என்ற பெயரே பழைய வரைபடத்திலிருந்து வந்தது. 1904-இல் ஜெர்மனியின் டாக்டர் ஆர்னெத் மடல்களின் எண்ணிக்கையை வைத்து நியூட்ரோஃபிலை வகுத்தபோது, மடல் குறைந்தவை இடப்பக்கக் கட்டங்களில் இருந்தன.

எந்த இடத்தில் எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். சிவப்பணுக்கள் ஒன்றை ஒன்று லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்கும் பகுதியில், கோட்டைச் சுவர் மாதிரி மேலும் கீழுமாக நகர்ந்து எண்ண வேண்டும். வால் நுனிக்கும் ஓரத்துக்கும் பெரிய செல்கள் ஒதுங்கிவிடும். அங்கேயே நின்று எண்ணினால் மோனோசைட்டும் முதிராத செல்களும் கூடுதலாக வரும்.

டாக்ஸிக் மாற்றங்களில் மூன்றைத் தேடுகிறேன். கருநீலமாக, தடித்துத் தெரியும் துகள்கள் முதலாவது. சைட்டோபிளாசத்தின் ஓரத்தில் வெளிர் நீலச் சாம்பல் நிறத்தில் சின்னத் திட்டாகத் தெரியும் டோலே பாடி இரண்டாவது. வெறும் ஓட்டை மாதிரித் தெளிவாகத் தெரியும் வேக்குவோல் மூன்றாவது. டோலே பாடி கர்ப்பிணிகளிடமும் தீக்காயத்திலும் தெரியலாம். அதனால் அது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கத்தக் கூடாது. மூன்றும் சேர்ந்து, கூடவே பேண்டும் இருந்தால் கதை வேறு.

என் வழியில் சறுக்கும் இடமும் இங்கேதான். முதல் ஆறு மாதம் நானே ஏமாந்தேன். ஏற்காட்டிலிருந்து காலையில் எடுத்த ட்யூப்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ் மாறி, மதியத்துக்கு மேல்தான் என் மேஜைக்கு வரும். எடுத்து நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ட்யூப்களில் ஸ்மியர் போட்டால் நியூட்ரோஃபில்களில் அழகழகான வேக்குவோல். ஒரு வாரத்தில் மூன்று ரிப்போர்ட்டில் ‘டாக்ஸிக் வேக்குவோல்’ என்று எழுதிவிட்டேன். மூன்றாவது ஆள் சும்மா செக்கப்புக்கு வந்த ஆரோக்கியமான எஸ்டேட் தொழிலாளி. அப்போதுதான் உறைத்தது. ரத்தம் உறையாமல் இருக்க ட்யூபில் போடும் இ.டி.டி.ஏ.வில் நேரம் போகப் போக நியூட்ரோஃபில் தானாகவே ஓட்டை போட்டுக்கொள்ளும். அவரைத் திரும்ப வரவழைத்து, புது ரத்தத்தில் உடனே ஸ்மியர் போட்டேன். ஒரு ஓட்டையும் இல்லை.

இன்னொரு ஏமாற்று, தண்ணீர். லீஷ்மன் ஸ்டெயினை ஸ்மியர் மூடும்படி ஊற்றி இரண்டு நிமிடம் விடுகிறோம், அதில் உள்ள மெத்தனால் செல்களைப் பிடித்து நிறுத்தும். பிறகு இரண்டு பங்கு பஃபர் தண்ணீர், எட்டுப் பத்து நிமிடம். அந்தத் தண்ணீரின் பி.எச். 6.8 ஆக இருக்க வேண்டும். எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் உப்பும் காரமுமானது. ஒரு நாள் பஃபர் தீர்ந்துபோய் உதவியாளர் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டாள். “அண்ணா, எல்லா செல்லுமே டாக்ஸிக்கா இருக்குங்கண்ணா” என்றாள். எல்லாமே அப்படித் தெரிந்தால் குற்றம் நோயாளியிடம் இல்லை, பாட்டிலில் இருக்கிறது. சிவப்பணுக்களைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் நீலச் சாம்பலாக இருந்தால் ஸ்டெயின் காரத்தில் போயிருக்கிறது. உண்மையான டாக்ஸிக் கிரானுலேஷனில் ஒரு செல் கடுமையாக இருக்கும், பக்கத்துச் செல் பாதி, இன்னொன்று சாதாரணம் என்று கலந்து வரும். துகள்கள் செல்லுக்கு வெளியிலும் சிதறிக் கிடந்தால் அது ஸ்டெயினின் படிவு. ஸ்டெயினைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கழுவினால் அப்படி வரும். மேலே மிதக்கும் பளபளப்பான ஆடையைத் தண்ணீரால் அடித்துத் தள்ளிக் கழுவ வேண்டும்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். நூறு செல் எண்ணிக்கை என்பது மிகவும் ஆட்டம் காட்டும் கணக்கு. உண்மையில் 10 சதவீதம் பேண்ட் உள்ள ரத்தத்தில் நூறு எண்ணினால் 4-லிருந்து 18 வரை எது வந்தாலும் தற்செயல்தான். அதனால்தான் சந்தேகமானதை இருநூறு எண்ணுகிறேன். இருநூறிலும் ஆட்டம் முழுக்க அடங்காது. ஆளுக்கு ஆள் பேண்ட் எண்ணிக்கை மாறும் என்பதால் பேண்டைத் தனியாக எழுதுவதையே விட்ட லேப்களும் இருக்கின்றன. ஒரு ஸ்லைடை ஒழுங்காக முடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. எங்களிடம் வரும் கூட்டத்துக்குக் கட்டுப்படியாகிறது. ஒரு நாளைக்கு முந்நூறு ட்யூப் வரும் லேப் என்றால் நான் சொல்வதைக் கேட்காதீர்கள், 5-பார்ட் இல்லாமல் சமாளிக்க முடியாது. முதிராத கிரானுலோசைட்டைத் தனி எண்ணாகத் தரும் உயர்ந்த வகை மெஷின்களில் நான் வேலை செய்ததில்லை. அந்த எண்ணில் மெட்டாமைலோசைட்டும் அதற்கு முந்தையவையும்தான் அடங்கும், பேண்ட் சேராது என்பது மட்டும் தெரியும். நான் சொன்ன அந்த 58 வயதுக்காரரிடம் முதிராதவை 46-இல் 41 பேண்ட்தான்.

பஸ் பிரச்சினைக்கு ஒரு வழி செய்தோம். இப்போது ஏற்காட்டிலேயே, ரத்தம் எடுத்த அரை மணிக்குள் இரண்டு ஸ்மியர் போடுகிறார்கள். மழை மாதங்களில் பனி இறங்கினால் ஸ்மியர் காயாமல் நின்று, சிவப்பணுவில் பளபளக்கும் பொத்தல் விழுந்தது. அதனால் ஒரு ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்து உலர்த்தி, மெத்தனாலில் முக்கி எடுத்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள். ஸ்மியரின் தடித்த முனையில் பேரும், ரத்தம் எடுத்த நேரமும் பென்சிலில் இருக்கும். நான் முதலில் படிப்பது அந்த நேரத்தைத்தான்.