கட்டணத்தைத் திருப்பித் தருவது: மூன்று வாசகங்களை எடைபோட்டால்

ஒரு கணக்கியல் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். 12 வாரங்களில் திங்கள், புதன், வெள்ளி என 36 வகுப்புகள் நடக்கின்றன. கட்டணம் 18,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 3,240 ரூபாயையும் சேர்த்து மாணவர் 21,240 ரூபாய் செலுத்துகிறார். இடையில் விலகினால் அவருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை நம் ஊர் விண்ணப்பப் படிவங்களில் பெரும்பாலும் மூன்று விதமாக எழுதுகிறார்கள்.

முதலாவது, "செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்பது. இதில் குழப்பம் இல்லை, நியாயமும் இல்லை. ஒப்பந்தத்தை மீறியவர் நியாயமான இழப்பீட்டைத்தான் தர வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. நடக்காத வகுப்புகளுக்கும் சேர்த்து முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வதை நுகர்வோர் ஆணையத்தில் நியாயப்படுத்துவது கடினம்.

இரண்டாவது, "வகுப்பு தொடங்கிய 7 நாட்களுக்குள் விலகினால் 50 சதவீதம், அதன்பின் ஏதுமில்லை" என்ற படிநிலை. பார்வைக்கு இது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூன் 2, திங்களன்று வகுப்பு தொடங்கி, ஒரு மாணவர் 9ஆம் தேதி இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் விலகல் செய்தி அனுப்பி, அலுவலகம் அதை மறுநாள் காலையில் பார்த்தால் என்ன செய்வது? தொடக்க நாளைச் சேர்த்து எண்ணினால் கெடு 8ஆம் தேதியே முடிந்துவிட்டது. சேர்க்காவிட்டால் 9ஆம் தேதி முடிகிறது. செய்தியைப் பார்த்த நாள்தான் கணக்கு என்றால் எப்படி எண்ணினாலும் தாமதம். 10,620 ரூபாய் கிடைப்பதும் ஒன்றுமே கிடைக்காமல் போவதும், எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியில் இருக்கிறது. இடம் காலியானால் வேறொருவரைச் சேர்க்க முடியாத இரண்டு நாள் பயிலரங்குக்குப் படிநிலை பொருந்தும். அங்கும் தேதியையும் மணியையும் நேராக அச்சிட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, நடந்த வகுப்புகளின் விகிதப்படி கழிப்பது. நான் பரிந்துரைப்பது இதைத்தான். மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்காக 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும், நடுவில் விலகும் மாணவருக்கு எஞ்சிய காலத்துக்கான தொகையை 10 நாட்களுக்குள் தரச் சொல்கிறது. வாசகத்தை இப்படி எழுதலாம்:

"விலகல் கோரிக்கையை மாணவர் மின்னஞ்சலில் அனுப்பிய நேரமே விலகிய நேரம். அதுவரை அவருடைய பிரிவுக்கு நடந்த வகுப்புகளுக்கு, அவர் வந்திருந்தாலும் வராவிட்டாலும், வகுப்புக்கு 500 ரூபாயும், நிர்வாகச் செலவாக 1,000 ரூபாயும், இவற்றுக்குரிய ஜிஎஸ்டியும் கழித்து, மீதி 10 நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்."

அதே மாணவர் இதன்படி 9ஆம் தேதி இரவு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், நடந்தவை 4 வகுப்புகள். 2,000, நிர்வாகச் செலவு 1,000, வரி 540 ஆக 3,540 ரூபாய் போக, அவருக்கு 17,700 ரூபாய் வரும். "நடந்த" என்பதற்குப் பதில் "கலந்துகொண்ட" என்று எழுதிவிட்டால், இரண்டு மாதம் வராமல் இருந்தவரும் முழுத் தொகையைக் கேட்பார். அவருக்காக இடத்தை வைத்திருந்த நிறுவனத்துக்கு அது அநீதி. நிறுவனமே பயிற்சியைத் தொடங்காமல் ரத்து செய்தால் எந்தக் கழிவுமின்றி 21,240 ரூபாயும் திரும்ப வேண்டும் என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். அந்த வரியைத்தான் பல படிவங்களில் காணோம்.