பி.பி.சி. என்னும் கல்லீரல் நோயின் அரிப்புக்கு மூன்று மருந்துகள்: எதை முதலில் எடுப்பது?

மும்பை செம்பூரில் இருக்கும் 48 வயதுத் தமிழ்ப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன, ராத்திரி படுத்தால் இன்னும் கூடுகிறது. தோலில் தடிப்பு கிடையாது, சொறிந்த கோடுகள்தான். ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி 410, லேபின் மேல் வரம்பு 120. இந்த வயதில் அது எலும்பிலிருந்தும் ஏறலாம் என்பதால் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியும் பார்க்கிறார்கள். அதுவும் அதிகம், எனவே கோளாறு கல்லீரலில்தான். ஸ்கேனில் பித்தக்குழாய் அடைப்பு இல்லை, இந்த நோயைக் காட்டும் ஏ.எம்.ஏ. என்ற எதிர்ப்பொருள் பாசிட்டிவ். கல்லீரலுக்குள் உள்ள சிறு பித்தக்குழாய்களை மெல்லச் சிதைக்கும் பிரைமரி பிலியரி கொலஞ்சைட்டிஸ், சுருக்கமாக பி.பி.சி., என்று சொல்ல இவ்வளவே போதும், பயாப்ஸி வேண்டியதில்லை.

நோய்க்கான முதல் மருந்தில் போட்டியே இல்லை. அர்சோடிஆக்சிகோலிக் அமிலம், கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். 60 கிலோ எடைக்கு நாளுக்கு மூன்று 300 மில்லிகிராம் மாத்திரை. பாஸ்படேஸ் இறங்கும், நோய் மெதுவாகும். ஆனால் அரிப்பை அது பெரும்பாலும் தணிப்பதில்லை. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். ரிப்போர்ட்டில் எண் இறங்குவதும் ராத்திரி தூக்கம் வருவதும் வேறு வேறு விஷயம், அரிப்புக்குத் தனி மருந்து வேண்டும். வீட்டில் கிடக்கும் அலர்ஜி மாத்திரை தூங்க வைக்கும், அவ்வளவுதான்.

வழிகாட்டு நெறிகள் பெரும்பாலும் முதலில் சொல்வது கொலெஸ்டைரமின் பொடி, 4 கிராம் பாக்கெட். குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும், ரத்தத்தில் சேராது. அந்த வகையில் மூன்றிலும் பயம் குறைந்தது இதுதான். இரவு முழுக்கப் பித்தப்பையில் சேர்ந்த பித்தம் காலைச் சாப்பாட்டோடு இறங்குவதால், டிபனுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பாக்கெட் எடுத்தால் பலன் அதிகம். சிக்கல் என்னவென்றால், பித்தத்தைப் பிடிக்கிற பொடி மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும். அர்சோ மாத்திரையையே பிடித்துவிடும்! நம் பெண்ணுக்கு தைராய்டு மாத்திரையும் உண்டு (பி.பி.சி.யோடு தைராய்டுக் கோளாறு அடிக்கடி சேர்ந்தே வரும்). அதையும் பிடிக்கும். பொடிக்கும் மற்றதற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். விடிகாலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, 8 மணிக்குப் பொடி என்ற வழக்கம் இனி ஆகாது. டாக்டரிடம் கேட்டு, அர்சோவை இரவுச் சாப்பாட்டோடும் தைராய்டு மாத்திரையை அதற்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போதும் மாற்றலாம். கணவர் லோக்கல் ட்ரெயினில் வந்து சேரவே ஒன்பதாகும் வீட்டில் இது எளிதா? போதாததற்கு மணல் போன்ற அந்தப் பொடி, மலச்சிக்கல். பலர் விட்டுவிடுவது மருந்து வேலை செய்யாததால் அல்ல, இந்தத் தொல்லையால்.

அடுத்தது பெசாபைப்ரேட், கொழுப்புக்கான பழைய மாத்திரை, நாளுக்கு 400 மில்லிகிராம். 2021-இல் வெளியான ஃபிட்ச் ஆய்வில், பித்தத்தேக்க நோயாளிகளுக்கு இதை மூன்று வாரம் கொடுத்தார்கள். அரிப்பு பாதியாவது குறைந்தவர்கள் 45 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 11 சதவீதம். அதற்கு முன் 2018-இல் வந்த பெசுர்சோ ஆய்வில், அர்சோ மட்டும் போதாமல் போனவர்களுக்கு இதைச் சேர்த்தபோது பாஸ்படேஸ் நன்றாக இறங்கியது. அரிப்புக்கும் எண்ணுக்கும் ஒரே மாத்திரை. பிலிருபின் 0.8, கிரியேட்டினின் நார்மல், சிரோசிஸ் இல்லை என்னும் இந்தப் பெண்ணுக்கு, பொடி ஒத்துவராவிட்டால் என் ஓட்டு இதற்குத்தான். கிரியேட்டினின் ஏறலாம், தசை வலிக்கலாம், ஸ்டாட்டினும் எடுத்தால் அந்த ஆபத்து கூடும். முற்றிய சிரோசிஸில் கூடாது. பி.பி.சி.க்கு இது லேபிளில் இல்லாத பயன்பாடு, ஆகவே டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடங்கக் கூடாது.

மூன்றாவது ரிஃபாம்பிசின், 150 மில்லிகிராமில் தொடங்குவார்கள். அரிப்பை நன்றாகவே அடக்கும். ஆனால் இது டிபி மருந்து. உள்ளே டிபி ஒளிந்திருக்கும்போது இதைத் தனியாகக் கொடுத்தால் கிருமி எதிர்ப்பு பெற்றுவிடும். மும்பையில் இது ஏட்டுப் பயம் இல்லை, முதலில் மார்பு எக்ஸ்ரே எடுத்து டிபி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சிலருக்குக் கல்லீரலையே தாக்கும், அதுவும் சில வாரங்கள் கழித்து. தொடங்கிய பின் 6-ஆவது, 12-ஆவது வாரங்களில் கல்லீரல் பரிசோதனை கட்டாயம். மருந்தே சிறுநீரை ஆரஞ்சாக்கிவிடுவதால், மஞ்சள் காமாலையின் முதல் அடையாளம் மறைந்துபோகும். கண் மஞ்சளாவது, குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரையின் தேவையும் கூடலாம், டிஎஸ்ஹெச்சைத் திரும்பப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் தினமும் படுக்கும் முன் அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதி வைக்கச் சொல்வேன். 8-லிருந்து 4 ஆனால் தொடரலாம், ஒரு மாதமாகியும் 7-லேயே நின்றால் மருந்தை மாற்றிப் பார்க்கலாம். பாஸ்படேஸ் கணக்கு தனி. ஒரு வருடம் அர்சோ எடுத்தும் அது மேல் வரம்பின் 1.67 மடங்குக்கு மேல், அதாவது இவருக்கு 200-க்கு மேல், நின்றால் அரிப்பு இருக்கிறதோ இல்லையோ இரண்டாம் மருந்து பற்றிப் பேச வேண்டியதுதான். அப்போது ஒபெடிகோலிக் அமிலம் என்று யாராவது சொன்னால், அது அரிப்பைக் கூட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.