வேலையிலிருந்து விலகும் மெயில்: சில வருடங்களாக நான் பயன்படுத்தும் வடிவம்

வெப்சைட் வடிவமைப்பைத் தனியாக எடுத்துச் செய்கிறேன். பெரும்பாலும் கடைக்காரர்களும் சிறு உற்பத்தியாளர்களும்தான் வாடிக்கையாளர்கள். தினமும் ஒரு மாற்றம் கேட்டுக்கொண்டே, பணம் என்றதும் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்களிடமிருந்து விலக ஒரே மெயிலைத்தான் சில வருடங்களாகத் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறேன். அது எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

சமீபத்திய உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு துணி வியாபாரிக்கு இணையக் கடை, மொத்தம் 60,000 ரூபாய். முன்பணம் 24,000 வந்துவிட்டது, வடிவமைப்புக்கு ஓகே சொன்னதும் 18,000, ஒப்படைக்கும்போது 18,000 என்பது பேச்சு. வடிவமைப்புக்கு ஓகே வந்தது, பில் போனது, பணம் வரவில்லை. அதற்குள் மொத்த விற்பனைக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்றார். 6,000 கூடுதல் என்று வாட்ஸ்அப்பில் சொன்னேன், "சரி பண்ணுங்க" என்று பதில் வந்தது, செய்து கொடுத்ததற்கும் ஓகே வந்தது. அப்புறம் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கடை வேண்டும், அப்புறம் ஓகே சொன்ன முகப்பையே வேறு மாதிரி மாற்ற வேண்டும். பணப் பேச்சு மட்டும் நகரவில்லை.

மெயில் எழுதும் முன் நான் செய்வது ஒரே வேலை, கணக்கை மூடுவது. வாடிக்கையாளர் எழுத்தில் ஓகே சொன்னவற்றை மட்டும் எடுத்து வரிசையாக எழுதுவேன். பாதியில் நிற்கும் கோடிங்குக்கு பில் போடுவதில்லை. அந்த உழைப்பு போகிறதே என்று வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் "இது முடியவே இல்லையே, இதற்கு எதற்குக் காசு" என்று ஒரு வரி கிடைத்தால் போதும், மறுக்க முடியாத பாக்கியும் அந்தச் சண்டைக்குள் சிக்கிக்கொள்ளும். ஆக இங்கே கேட்க வேண்டியது 18,000 + 6,000, மொத்தம் 24,000. இரண்டுக்கும் அவர் எழுதிய ஓகே என்னிடம் இருக்கிறது.

தலைப்பில் "இணையக் கடை வேலை 15-ம் தேதியுடன் நிறைவு: கணக்கு விவரம்" என்று போட்டு அனுப்பிய மெயில் இது:

"வணக்கம் சார்,

இணையக் கடை வேலையை இந்த மாதம் 15-ம் தேதியுடன் முடித்துக்கொள்கிறேன். முதலில் பேசிய வேலையும் இப்போது தேவைப்படும் வேலையும் வெகுவாக மாறிவிட்டன, இரண்டாம் தவணையும் வந்து சேரவில்லை. அதனால் இதற்கு மேல் என்னால் தொடர இயலாது.

நீங்கள் ஒப்புதல் தந்த முகப்பு, பொருள் பக்க வடிவமைப்புக்கு இரண்டாம் தவணை 18,000 ரூபாய், மொத்த விற்பனைப் பக்கத்துக்கு 6,000 ரூபாய், ஆக 24,000 ரூபாய் பாக்கி உள்ளது. பில்கள் இணைப்பில் உள்ளன. 15-ம் தேதிக்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தொகை வந்த இரண்டு வேலை நாட்களில் மூலக் கோப்புகளை ஒப்படைத்து, அவற்றின் உரிமையையும் எழுத்தில் மாற்றித் தருகிறேன். டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் பெயரிலேயே உள்ளன. 15-ம் தேதிக்குப் பிறகு என் லாகினை நீக்கிவிடுங்கள். அடுத்து இந்த வேலையை எடுப்பவருக்கு உதவியாக, எது எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பையும் இணைத்துள்ளேன்.

வேலை தந்தமைக்கு நன்றி."

முதல் வாக்கியத்திலேயே விலகல் வர வேண்டும். ஆரம்பத்தில் நான் எழுதிய வடிவத்தில் காரணங்கள் முதலிலும் முடிவு கடைசியிலும் இருந்தன. படித்தவர்கள் அதைப் புகார் மெயில் என்று எடுத்துக்கொண்டு சமாதானம் பேச வந்தார்கள். காரணத்துக்கு ஒரு வாக்கியம் போதும். எந்தத் தேதியில் எதை மாற்றச் சொன்னார் என்று பட்டியல் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வரும், நாமும் பதில் எழுத உட்கார்ந்துவிடுவோம். அதேபோல் "இப்போதைக்கு", "முடிந்தால் பிறகு பார்க்கலாம்" போன்ற சொற்களை மரியாதைக்காகக்கூடப் போடக் கூடாது. ஒப்பந்தத்தில் விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுதியிருந்தால் அந்தத் தேதியைத்தான் போட வேண்டும், நம் வசதிக்கு ஏற்றதை அல்ல.

மூலக் கோப்பு வரிக்குச் சட்ட பலம் இருக்கிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். நாம் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை என்பதால், எழுதிக் கொடுக்காத வரை நாம் எழுதிய கோடிங் பொதுவாக நம்முடையதுதான். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் இந்த வரி செல்லாது, பார்த்துக்கொள்ளுங்கள். டொமைனைப் பிடித்து வைப்பது, ஓடிக்கொண்டிருக்கும் சைட்டை முடக்குவது இதெல்லாம் வேறு கதை. அவர் சொத்தில் கை வைத்தால் பேச்சு பாக்கியை விட்டுவிட்டு அங்கே போய்விடும்.

அனுப்பியதும் பெரும்பாலும் போன்தான் வரும். எடுப்பேன், மரியாதையாகப் பேசுவேன், "மெயில்ல ஒரு வரி போட்டுருங்க சார்" என்று முடிப்பேன். இவரும் கூப்பிட்டு, பாதியை இப்போது தருகிறேன், முகப்பை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்றார். இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குவார்கள். பாதியை வாங்கிக்கொண்டு மாற்றத்தை ஒப்புக்கொண்டால் விலகல் மெயில் செல்லாக்காசு. "பாக்கி முழுதும் வந்தபின் புது வேலையைத் தனியாகப் பேசலாம், பழையதில் மாற்றம் இல்லை" என்று பதில் எழுதினேன். 15-ம் தேதி வந்தது, பணம் வரவில்லை.

சட்டப் பேச்சு இரண்டாவது மெயிலில்தான், முதலில் போட்டால் மரியாதை கெட்டுவிடும். குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை வைத்திருக்கிறேன். ஆதார், பான் இருந்தால் கட்டணமில்லாமல் ஆன்லைனில் பதியலாம், வேலை தொடங்கும் முன்பே பதிந்திருப்பது நல்லது. 2006-ம் ஆண்டு குறு, சிறு நிறுவனச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம்.

இதைவிட வேகமாக வேலை செய்தது அதே மெயிலில் போட்ட இன்னொரு வாக்கியம். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றத்தின்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். உத்யம் எண்ணைப் போட்டு, "உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். நம் ஊர் வியாபாரிகள் வக்கீல் நோட்டீஸைக்கூட மேஜை டிராயரில் போட்டு வைப்பார்கள், ஆடிட்டர் பேச்சு அப்படியில்லை. மார்ச் முடிவதற்குள் 24,000-மும் வந்தது. வட்டி கேட்கவில்லை. கோப்புகளை அனுப்பி, உரிமைக் கடிதத்தையும் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இந்த இரண்டாவது மெயில் உதவாது, முதல் மெயிலோடு நின்றுவிட வேண்டியதுதான். வாங்கிய முன்பணம் செய்த வேலையைவிட அதிகமாக இருக்கிற இடத்திலும் இந்த வடிவம் பொருந்தாது. அங்கே மிச்சத்தைத் திருப்பி அனுப்பி, அந்தப் பரிவர்த்தனை எண்ணை மெயிலிலேயே போட்டு விலகுகிறேன். அந்த மாதிரி மெயில்களுக்கு இதுவரை போன்கூட வந்ததில்லை.