வால்பாறை போட்டோல இருக்குறது சிங்கவாலா, கருமந்தியா?

வால்பாறை பக்கம் மரத்துல கறுப்பா ஒரு குரங்கு கேமராவுல சிக்கினா போதும், உடனே சிங்கவால் குரங்குன்னு கேப்ஷன் போட்டுடுறாங்க. ஆனா அதே காட்டுல நீலகிரி லங்கூர்னு சொல்ற கருமந்தியும் இருக்கு, அதுவும் உடம்பு முழுக்க கறுப்புதான். சிங்கவால் மக்காக் வகை, கருமந்தி லங்கூர் வகை.

முகத்துல ஆரம்பிப்போம். ரெண்டுக்கும் மூஞ்சி கறுப்பு, மூஞ்சியச் சுத்தி வெளிர் முடியும் ரெண்டுக்கும் இருக்கு, குழப்பமே அங்கதான். அதனால மூஞ்சியச் சுத்தி இருக்குற அந்த முடியப் பாக்காதீங்க, உச்சந்தலையப் பாருங்க. சிங்கவாலுக்கு கன்னத்துலயும் தாடைக்கு கீழயும் வெள்ளி சாம்பல் கலர்ல பிடரி விரிஞ்சு நிக்கும், உச்சந்தலை மட்டும் கறுப்பாவே இருக்கும். கருமந்திக்கு உச்சந்தலையே மஞ்சள் கலந்த பழுப்பு, அந்தக் கலர் அப்படியே பின்கழுத்து வரைக்கும் இறங்கும். பின்னாடி இருந்து வெயில் அடிச்சா மட்டும் இந்தக் கலரை நம்பாதீங்க, ஓரத்து முடி எல்லாமே வெள்ளையா எரிஞ்சு போயிருக்கும்.

அப்போ வால்தான் கைகொடுக்கும். சிங்கவாலோட வால் உடம்புல பாதி நீளம்தான் வரும், நுனில சின்னதா ஒரு குஞ்சம். கருமந்தி வால் உடம்பை விட நீளம், கிளைல உக்காந்தா நேரா கீழ தொங்கும். ஆனா "நீள வாலா இருந்தா லங்கூர்"னு பொதுவா ஒரு ரூல் சொல்றாங்களே, அத அப்படியே எடுத்துக்காதீங்க, நம்ம ஊர் கோயில்ல தேங்காய் பிடுங்குற நாட்டுக்குரங்கு மக்காக்தான், அதோட வாலும் கிட்டத்தட்ட உடம்பு நீளத்துக்கு இருக்கும். அதுக்கு மூஞ்சி வெளிறி இருக்கும், தலை முடி நடு வகிடு எடுத்த மாதிரி படிஞ்சிருக்கும், அத வெச்சு பிரிச்சுடலாம்.

சரி, வால் இலைக்குப் பின்னாடி, தலையும் பாதி மறைஞ்சிருக்கு, அப்படி ஒரு போட்டோன்னு வெச்சுக்கோங்க. உடல்வாகப் பாருங்க. லங்கூர் இலை தின்னு செரிக்குற வயிறு, அதனால வயிறு கொஞ்சம் தள்ளி, கைகால் மெலிஞ்சு நீளமா, பின்னங்கால் இன்னும் நீளமா தெரியும். மக்காக் குட்டையா கட்டுமஸ்தா இருக்கும், மூக்கும் வாயும் முன்னாடி துருத்தி நிக்கும். கன்னம் ஒரு பக்கம் உப்பி இருந்தா அது மக்காக்தான், பலாச்சுளை மாதிரி எதையாவது அடக்கி வெச்சிருக்கும். லங்கூருக்கு அந்த கன்னப்பையே கிடையாது. கன்னம் உப்பலன்னா ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, பை காலியா கூட இருக்கலாம்.

இடுப்புல குட்டி ஒட்டிட்டு இருந்தா வேலை சுலபம். கருமந்தியோட பச்சைக்குட்டி செம்பழுப்பா இருக்கும், கறுப்பு தாய் மேல பளிச்சுன்னு தெரியும். சிங்கவால் குட்டி பிறக்கும்போதே கறுப்பு, மூஞ்சி மட்டும் வெளிறி இருக்கும், பிடரி அப்புறம்தான் முளைக்கும். அதனால பிடரி இல்லாத குட்டி சிங்கவால் தனியா இருக்குற போட்டோல அவசரப்பட்டு கருமந்தின்னு எழுதிடாதீங்க.