அடிப்பிடித்த பால் கெட்டில்: முதலில் சோடாவா, புளிப்பா?

எலெக்ட்ரிக் கெட்டிலில் பால் அடிப்பிடித்துவிட்டால் நம் வீடுகளில் நான்கு வழிகளில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். ஸ்டீல் நாரைப் போட்டுத் தேய்ப்பார்கள், எலுமிச்சையோ வினிகரோ ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள், ஆப்ப சோடா போட்டு ஊறவைப்பார்கள். இல்லையென்றால் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கவிடுவார்கள். நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. என் ஓட்டு சோடாவுக்கு. ஆனால் சோடாவோடு வேலை முடிந்துவிடாது, பின்னாலேயே புளிப்பும் வேண்டும். இந்த வரிசை மாறினால் கறை இன்னும் கெட்டியாகிவிடும்.

காரணம், அடியில் ஒட்டியிருப்பது ஒரே பொருள் இல்லை. பால் 70 டிகிரியைத் தாண்டியதும் அதிலுள்ள மோர்ப் புரதம் பிரிந்து சூடான உலோகத்தில் ஒட்ட ஆரம்பிக்கிறது. பாலிலுள்ள கால்சியம் பாஸ்பேட் சூடு ஏற ஏறக் கரைவது குறையும், அதுவும் அங்கேயே படியும். இந்தப் படலத்தின் மேல் பாலின் சர்க்கரை தீய்ந்து பழுப்பாகிறது. கெட்டிலில் சூடு முழுக்க அடித்தட்டிலிருந்து வருகிறது, யாரும் கிண்டிவிடுவதும் இல்லை. அதனால் அடுப்பில் காய்ச்சுவதைவிட இங்கே சீக்கிரம் அடிப்பிடிக்கும். ஆக, ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி புரதம், மிச்சம் சுண்ணாம்பு வகை உப்பு. புரதத்தை இளக்குவது சோடா போன்ற காரம், உப்பைக் கரைப்பது புளிப்பு. பால் பதப்படுத்தும் ஆலைகளிலும் குழாய்களைக் கழுவும்போது பொதுவாக முதலில் சூடான காரக் கரைசலை ஓடவிட்டு, அப்புறம்தான் அமிலத்தை விடுகிறார்கள்.

இப்போது எலுமிச்சையைப் பார்ப்போம். வடசென்னையில் அதற்கு இவ்வளவு மரியாதை இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. போர் தண்ணீரைக் காய்ச்சும் வீடுகளில் கெட்டிலின் அடியில் வெள்ளையாக உப்பு படியும். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொதிக்கவிட்டால் அது அப்படியே கரைந்து, பாத்திரம் பளபளவென்று ஆகிவிடும். தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அத்தை, "எலுமிச்சம்பழத்துக்குப் போகாத கறை இன்னா இருக்கு?" என்று கேட்பார். தண்ணீர் உப்புக்கு அவர் சொல்வது முற்றிலும் சரி. பால் கறைக்கு அது பொருந்தாது. பாலில் புளிப்பு விட்டால் திரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடியில் ஒட்டிய புரதத்திலும் அதுதான் நடக்கிறது. புளிப்பு பட்டதும் அது இளகாமல் இறுகுகிறது. ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை போகும், நடுவிலுள்ள பழுப்பு அசையாது. உடனே கை ஸ்டீல் நாரைத் தேடும்.

ஸ்டீல் நாரின் ஒரே பலம் வேகம், ஐந்து நிமிடத்தில் கறை போய்விடும். ஆனால் அது விட்டுப்போகும் கீறல்களில் அடுத்த முறை பால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், அதை எடுக்க இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும். துருப்பிடிக்காத எஃகை நாரால் தேய்க்கும்போது சாதா இரும்புத் துணுக்குகள் கீறலில் சிக்கிக்கொள்வதும் உண்டு. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றடிக்கும் வீடுகளில் அந்தத் துணுக்குகள் சீக்கிரமே செம்புள்ளிகளாகத் துருவேறி நிற்கும். "நல்ல ஸ்டீல்னு சொல்லி வித்தான், துருப்பிடிக்குது" என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அந்தப் புள்ளிகள் நாரிலிருந்து வந்தவையா என்று பார்க்க வேண்டும். பச்சை நார் மென்மையானது என்று நினைத்து எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலும் அரைப்புப் பொடி கலந்திருக்கிறது, பளபளப்பான அடித்தட்டில் மங்கலாக வட்டம் வட்டமாகக் கோடு விழும். கல் உப்பைப் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். உப்பு நீர் எஃகில் நெடுநேரம் நின்றால் ஊசி முனை அளவுக் குழிகள் விழும். ப்ளீச்சிங் பவுடரும் அதே கேட்டைச் செய்யும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கெட்டில் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

நான்காவது வழி பார்க்க அமர்க்களமாக இருக்கும். சோடாவில் வினிகர் விழுந்ததும் நுரை புஸ்ஸென்று எழும். அந்த நுரை ஓரத்தில் தளர்ந்திருக்கும் துணுக்கைக் கொஞ்சம் கிளப்பும், அவ்வளவுதான். காரமும் புளிப்பும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். இரண்டு நல்ல பொருளையும் வீணாக்கும் வழி இது.

சோடா வழியை அத்தை வீட்டுக் கெட்டிலை வைத்தே சொல்கிறேன். ஒன்றரை லிட்டர் கொள்ளளவு, உள்ளே முழுக்க எஃகு, சூடேற்றும் கம்பி அடித்தட்டுக்குக் கீழே மறைந்திருக்கும் வகை. பேரனுக்காக ஆவின் பச்சை பாக்கெட் பாலை அதில் காய்ச்சியிருக்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பழுப்பாக ஒரு படலம், நடுவில் கருப்பு, ஓரத்தில் தேன் நிறம். அதைவிடப் பெரிய பிரச்சினை, தண்ணீர் ஊற்றிப் போட்டால் கொதிக்கும் முன்பே விளக்கு அணைந்துவிடுகிறது. கெட்டில் கெட்டுப்போச்சு என்றே வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். உண்மையில் படலம் கனமாக இருந்ததால் அடித்தட்டின் சூடு தண்ணீருக்குப் போகவில்லை. தட்டு மட்டும் அதிகமாகச் சூடேறி, வெறும் பாத்திரம் எரியாமல் காக்கும் பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தை வெட்டியிருக்கிறது. இப்படி முன்கூட்டியே அணைந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கக் கூடாது. படலம் இன்னும் தீயும்.

அதனால் கெட்டிலின் சூட்டை நம்பாமல், கேஸ் அடுப்பில் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் எடுத்து, குவித்து ஒரு டேபிள் ஸ்பூன் ஆப்ப சோடாவைப் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துக் கொதிக்கவிட்டோம். கொதிக்கிற தண்ணீரில் சோடாவைக் கொட்டினால் பொங்கிக் கையில் தெறிக்கும். ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. ஆப்ப சோடாவின் காரம் லேசானது. கொதிக்கும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறி, அதில் ஒரு பகுதி வாஷிங் சோடாவாக மாறுகிறது, காரம் கூடுகிறது. வெறுமனே வெந்நீரில் கரைத்து ஊற்றுபவர்கள் "சோடா வேலை செய்யல" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கொதித்த கரைசலைப் பிளக்கைக் கழற்றிய கெட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் விட்டோம். தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தது. படலத்தின் ஓரம் அப்பளம் போலச் சுருண்டு மேலே எழும்பியது. அந்தச் சுருளைப் பார்த்தால் கரைசல் அடியில் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மரக் கரண்டியின் தட்டையான முனையை அந்த ஓரத்துக்குக் கீழே விட்டு மெதுவாகத் தள்ளியதும் பெரிய துண்டாகவே பெயர்ந்தது. எங்கே தள்ளினாலும் வரவில்லையோ அங்கே அழுத்தக் கூடாது, புதுக் கரைசல் ஊற்றி மறுபடி ஊறவிட வேண்டும். இரண்டாவது முறை கெட்டிலே தண்ணீரைக் கொதிக்கவைத்தது, படலம் மெலிந்ததற்கு அதுவே சாட்சி. இப்படிக் கெட்டிலிலேயே சோடாத் தண்ணீரைக் கொதிக்கவிடும்போது அரைக் கெட்டிலுக்கு மேல் வேண்டாம், பக்கத்திலேயே நிற்க வேண்டும், நுரை எழும்பத் தொடங்கியதும் கையால் அணைக்க வேண்டும். நுரை ஆவித் துளை வழியே சுவிட்சுக்குள் போனால் கறையைவிடப் பெரிய செலவு வந்துவிடும்.

கடைசியில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று நின்றது. ஈரமான ஆப்ப சோடாவைக் குழைத்து அதன் மேல் தடவி, பழைய பருத்தித் துணியால் தேய்த்தோம். சோடாத் தூள் எஃகைவிட மிருதுவானது, கோடு போடாது. நன்றாக அலசிய பிறகு பார்த்தால் பழுப்பு போய், அதன் இடத்தில் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிய படிவு. அதுதான் பாலின் உப்பு, சோடா இதைத் தொடாது. இங்கேதான் அத்தையின் எலுமிச்சம்பழத்துக்கு வேலை. இரண்டு பழத்தின் சாற்றை அரை லிட்டர் வெந்நீரில் பிழிந்து இருபது நிமிடம் விட்டதும் அது கரைந்துவிட்டது. பழம் விலை ஏறிய மாதங்களில் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு ஒரு டீஸ்பூன் போதும். "நான் அப்பவே சொன்னேன் இல்ல?" என்றார் அத்தை. சொன்னார்தான், வரிசைதான் மாறிப்போயிருந்தது.

பிறகு நல்ல தண்ணீரை ஒருமுறை கொதிக்கவிட்டுக் கொட்டினோம். மூடியின் ரப்பரில் காந்தல் வாடை தங்கும், அதைத் தனியாக சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். இவ்வளவு நேரமும் கெட்டிலைக் குழாயடியில் முக்கவே கூடாது. வெளிப்பக்கத்துக்கு ஈரத்துணி போதும். அடியிலுள்ள மின் இணைப்பில் தண்ணீர் பட்டிருந்தால் நன்றாகக் காயும் வரை பிளக்கில் போட வேண்டாம். அடித்தட்டில் வானவில் மாதிரியோ நீலமாகவோ ஒரு சாயல் மிஞ்சினால் அதைத் தேய்க்க வேண்டியதில்லை, அது சூட்டில் எஃகுக்கு வரும் நிறம், அழுக்கு அல்ல.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. உள்ளே அலுமினியம் என்றால் சோடாவைக் கொதிக்கவிடவே கூடாது, காரம் அலுமினியத்தைக் கருக்கும், அரிக்கும். அங்கே சூடான சோப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு மரக் கரண்டியால் தள்ளுவதுதான் வழி, பொறுமை வேண்டும். நான்ஸ்டிக் பூச்சு உள்ள பால் பாய்லர்களிலும் சூடான சோப்புத் தண்ணீர், ஸ்பாஞ்ச், இரண்டோடு நின்றுவிடுங்கள். பூச்சு ஒரு இடத்தில் உரிந்துவிட்டால் அதில் பால் காய்ச்சுவதை நிறுத்திவிடலாம்.

எஃகிலேயே முழுக்கக் கரியாகிவிட்ட கருப்புக்குச் சோடா இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் பயன்படாது. கரி காரத்தில் கரையாது. அதற்கு சோடியம் பெர்கார்பனேட் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும் ஆக்சிஜன் ப்ளீச் பவுடரை ஒரு டேபிள் ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டு, மூடியைத் திறந்தே வைத்து சில மணி நேரம் விட வேண்டும். வாயு வெளிவரும், மூடினால் அழுத்தம் ஏறும். வாசனை சேர்த்த துணி பவுடரை இதற்கு எடுக்காதீர்கள், அந்த வாடை அடுத்த பாலில் வரும்.

அடி சுத்தமாகிவிட்ட பிறகும் கெட்டில் கொதிக்கும் முன்பே அணைந்தால் பாதுகாப்பு சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள், சுவிட்சை நேராக இணைத்துத் தருகிறேன் என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.