குவாசி-பாய்சானா, நெகட்டிவ் பைனாமியலா?

எண்ணிக்கைத் தரவுக்கான பாய்சான் மாதிரியில் மாறுபாடும் சராசரியும் சமம் என்பது அனுமானம். பியர்சன் கை-வர்க்கம் 380, விடுதலைப் படி 95 என்று வந்தால், 1க்கு அருகில் இருக்க வேண்டிய விகிதம் 4, அனுமானம் உடைந்துவிட்டது. ஆனால் முதலில் offset விடுபட்டதா, முக்கியமான மாறி எதுவும் சேர்க்கப்படவில்லையா என்று பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான். அங்கே கோளாறு இல்லையென்றால், R-இல் இரண்டு வழிகள்:

```
glm(y ~ x, family = quasipoisson)
MASS::glm.nb(y ~ x)
```

குவாசி-பாய்சான் கெழுக்களைத் தொடாது. திட்டப்பிழையை மட்டும் √4, அதாவது இரண்டால் பெருக்கும். கெழு 0.30, பிழை 0.10 என்றிருந்தது 0.20 ஆகும், 3 ஆக இருந்த கெழு-பிழை விகிதம் 1.5க்கு இறங்கி, "முக்கியத்துவம்" காணாமல் போகும். இதில் முழுமையான நிகழ்தகவுப் பரவல் இல்லாததால் AIC கிடைக்காது.

நெகட்டிவ் பைனாமியலில் மாறுபாடு μ + μ²/θ; μ சராசரி, θ தரவிலிருந்தே மதிப்பிடப்படும் அளவுரு. இங்கே கெழுக்களே நகரும், காரணம் பொருத்தும்போது ஒவ்வொரு பதிவுக்கும் கிடைக்கும் எடை. θ = 2 என்றால், சராசரி 50 உள்ள பதிவுக்குச் சராசரி 2 உள்ளதைவிட சுமார் 1.9 மடங்கு எடைதான். குவாசியில் 25 மடங்கு.

தேர்வுக்கு, பொருத்திய சராசரிப்படி தரவைக் குழுக்களாக்கி, ஒவ்வொன்றிலும் எச்சங்களின் வர்க்கச் சராசரியை வரையுங்கள். நேர்கோடாக ஏறினால் குவாசி, மேல்நோக்கி வளைந்தால் நெகட்டிவ் பைனாமியல். பூஜ்ஜிய எண்ணிக்கைகளின் நிகழ்தகவைக் கணிக்க வேண்டுமென்றால் குவாசியால் முடியாது.